சப்மீட்டர் வேகமாக ஓடுகிறதா? வாட்டர் ஹீட்டர் ராடைச் செருகிக் காட்டும் “டெஸ்ட்”டை நம்பி ஏமாறாதீர்கள்

வாடகை வீடுகளில் போர்ஷனுக்கு ஒரு சப்மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிப்பது சென்னையில் சகஜம். மின்வாரிய மீட்டருக்குச் சீல் உண்டு. சந்தேகம் வந்தால் பணம் கட்டிப் பரிசோதிக்கச் சொல்லலாம். சப்மீட்டருக்கு இது எதுவும் இல்லை. வீட்டுக்காரர் அழைத்துவரும் எலக்ட்ரீஷியன் சொல்வதுதான் தீர்ப்பு.

ஒரு குடித்தனக்காரருக்கு அப்படிக் கிடைத்த தீர்ப்பு இது. மீட்டரில் `3200 imp/kWh` என்று போட்டிருந்தது. அதாவது சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். எலக்ட்ரீஷியன் 1000 வாட் ராடைப் பக்கெட் தண்ணீரில் போட்டு, 100 மின்னலுக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்தார். 108 விநாடி. வர வேண்டியது 112.5. “நாலு பர்சென்ட்தான் சார், இதெல்லாம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு சரி. ஆனால் ராடு அப்போது 1000 வாட் இழுக்கவே இல்லை. அதில் எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்கான அளவு. சூடேற்றும் கம்பியின் வாட், வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 222 வோல்ட்டில் அது சுமார் 932 வாட்தான். 245 வோல்ட்டில் 1135. ஆக, வோல்டேஜ் குறைவாக இருந்தால் வேகமாக ஓடும் மீட்டர் நல்ல பிள்ளையாகத் தெரியும். கூடுதலாக இருந்தால் நல்ல மீட்டர் மீதே பழி விழும். வோல்ட்டை அளக்காமல் செய்த சோதனை எந்தப் பக்கமும் சாட்சி ஆகாது. ராடின் வாட்டேகூட எழுதியதைவிடச் சில சதவீதம் குறைந்து இருக்கலாம்.

அதே ராடை மறுபடி போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தபோது 222 வோல்ட், 4.1 ஆம்பியர்; 100 மின்னலுக்கு இந்த முறையும் 108 விநாடி. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 910 வாட். மீட்டர் காட்டிய வாட்டுக்குச் சூத்திரம் இது (N மின்னல்கள், C மீட்டரில் உள்ள imp/kWh எண், t விநாடி):

```
W = 3600000 × N / (C × t)
  = 3600000 × 100 / (3200 × 108) = 1042
```

910 வாட்டுக்கு 1042 என்று எழுதுகிறது, அதாவது சுமார் 14% கூடுதல். மாதம் 240 யூனிட் காட்டினால் 30 யூனிட் காற்றுக்குப் போகும் காசு.

நீங்களே செய்வதானால், முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து மெயினையும் இறக்குங்கள். விளக்கு நின்றுவிட வேண்டும். அப்போதும் தொடர்ந்து மின்னினால் ஸ்டாப்வாட்ச் வேலையே இல்லை. மெயினுக்கு முன்னாலேயே யாரோ கம்பி இழுத்திருக்கலாம். பக்கத்து போர்ஷனின் நியூட்ரல் உங்கள் மீட்டர் வழியாகப் போனாலும் இப்படி ஆகும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் எதில் கரண்ட் அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும் மீட்டர்கள் உண்டு. அவை அடுத்த வீட்டு ஏசியையும் உங்கள் தலையில் எழுதிவிடும்.

விளக்கு நின்றால் ராடை மட்டும் போடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், நடுவில் தானே அணைந்து ஏறும். ஃபேன், ஃப்ரிட்ஜ் வேண்டாம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அவற்றின் உண்மையான வாட் வராது. ராடு தண்ணீரில் முழுக்க மூழ்கியிருக்கட்டும்; ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்காமல் பக்கெட்டைத் தொடாதீர்கள். ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைத்தால் அதுவே சுலபம். கிளாம்ப் மீட்டர் என்றால் ஒரே கம்பியைக் கவ்வ வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

முதல் மின்னலை “ஒன்று” என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் தவறு. அது பூஜ்யம், அங்கிருந்து ஸ்டாப்வாட்ச். பத்து மின்னலோடு நிறுத்தினால் விரல் தாமதமே பிழையாகிவிடும், நூறு வரை போங்கள். மீட்டரை வீடியோ எடுத்து வைத்தால் பிறகு வாக்குவாதம் இருக்காது. கிளாம்ப் மீட்டருக்கும் இரண்டு மூன்று சதவீதப் பிழை உண்டு. ஆகவே 5 சதவீதத்துக்குள் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

விளக்கு சரியாக மின்னி, எண் சக்கரம் மட்டும் வேகமாக ஓடுவதும் விலை மலிந்த சப்மீட்டர்களில் நடக்கலாம். கடைசி இலக்கம் ஒரு தடவை மாறியதிலிருந்து அடுத்த தடவை மாறும்வரை மின்னல்களை எண்ணுங்கள். அந்த இலக்கம் 0.1 யூனிட் என்றால் 3200 imp/kWh மீட்டரில் 320 வர வேண்டும். 280-லேயே மாறிவிட்டால் சக்கரத்தையும் வீடியோவில் பிடித்துக்கொண்டு, மீட்டரை மாற்றச் சொல்லுங்கள். புதிதாக மாட்டியதையும் இதே ராடால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.