வெயிட்டட் ஆட்டோமேட்டாவா, ப்ராபபிலிஸ்டிக்கா? நான் ஏன் வெயிட்டட் பக்கம் போனேன்

எழுத்துப்பிழை திருத்துற ஒரு சின்ன ப்ரோகிராமுக்காக இந்த ரெண்டுல ஒண்ணை எடுக்க வேண்டி வந்துச்சு, வெயிட்டட் தான் எடுத்தேன், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடறேன்.

ரெண்டுமே ஒரு சொல்லை எழுத்து எழுத்தாப் படிச்சு, ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு நகர்ற மெஷின்தான், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நம்பர் இருக்கும். ஒரு பாதையில வர்ற நம்பரை எல்லாம் பெருக்கணும், ஒரே சொல்லுக்குப் பல பாதை இருந்தா அதையெல்லாம் கூட்டணும், அவ்வளவுதான். ராபின் 1963ல கொண்டுவந்த ப்ராபபிலிஸ்டிக்ல மட்டும் ஒரு கண்டிஷன் உண்டு: ஒரு ஸ்டேட்ல நின்னு ஒரு எழுத்தைப் படிச்சா, அங்கிருந்து கிளம்புற நம்பர்களோட கூட்டுத்தொகை சரியா 1 இருக்கணும். ஷுட்சென்பெர்ஜே 1961ல ஆரம்பிச்சு வச்ச வெயிட்டட்ல இந்தக் கட்டாயம் இல்லை.

ராபின் காட்டின மாதிரியான ஒரு குட்டி மெஷின் பாருங்க. p ஆரம்பம், q ஏத்துக்கிற ஸ்டேட்.

```
0:  p→p 1     q→p 1/2   q→q 1/2
1:  p→p 1/2   p→q 1/2   q→q 1
```

110 குடுத்தா q-ல முடியற பாதை ரெண்டே ரெண்டு. p→p→q→q, அதாவது 1/2 × 1/2 × 1/2 = 1/8. இன்னொண்ணு p→q→q→q, 1/2 × 1 × 1/2 = 1/4. கூட்டினா 3/8, இதுதான் ஏத்துக்கிற வாய்ப்பு. சொல்லைத் திருப்பிப் போட்டு 0.011னு பைனரில படிச்சாலும் அதே 3/8 வரும், எந்தச் சொல் குடுத்தாலும் இப்படித்தான்.

கூட்டறதுக்குப் பதிலா பெரிய பாதையை மட்டும் எடுன்னு சொன்னா இதே மெஷின் 1/4 குடுக்கும். வெயிட்டட்ல கூட்டல் பெருக்கலையே இப்படி மாத்திக்கலாம், பேச்சை எழுத்தாக்குற சாஃப்ட்வேர்கள்ல இதைத்தான் நிறைய பண்ணாங்க.

ஆனா என்னை முடிவு பண்ண வச்சது அது இல்லை, மெஷினைக் கட்டி முடிச்சப்புறம் அதுல கை வைக்கிறதுதான். 0 படிக்கும்போது q→p நகர்வு வேண்டாம்னு தூக்கறீங்கன்னு வைங்க. வெயிட்டட்ல தூக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம், 110 அந்த நகர்வைத் தொடவே இல்லைங்கறதால 3/8 அப்படியே நிக்கும். அந்த வழியா போற 101 மட்டும் 5/8ல இருந்து 1/2க்கு இறங்கும். ப்ராபபிலிஸ்டிக்ல இப்ப q-ல மிச்சம் இருக்கிறது 1/2 தான், அது செல்லாது, மறுபடி 1 ஆக்கணும்னு q→q-வை 1 ஆக்கினா 110 ஒரேயடியா 3/4க்கு ஏறிடும். நாம தொடவே தொடாத சொல்லோட மதிப்பு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு! காணாமப் போன 1/2ஐ வெளிய வர முடியாத ஒரு டெட் ஸ்டேட்டுக்கு அனுப்பி இதைச் சமாளிக்கலாம்தான், ஆனா நாளைக்கு ஒரு நகர்வுக்கு 2னு வெயிட் ஏத்தணும்னா அந்த வழியும் அடைஞ்சிடும். பிழை திருத்தத்துல இந்த மாதிரி வெட்டறதும் ஏத்தறதும் தான் பாதி வேலை.

மாத்தினப்புறம் பழசும் புதுசும் ஒண்ணுதானான்னு பாக்கறதும் முக்கியம். நம்பர்கள் சாதாரண பின்னங்களா இருக்கிற வரைக்கும் இது ரெண்டு வகைக்கும் சுலபம்: ரெண்டு மெஷினோட ஸ்டேட்டையும் கூட்டுங்க, 2 + 2 = 4, அதுல ஒண்ணைக் குறைங்க, அப்போ அதிகபட்சம் 3 எழுத்து நீளமுள்ள சொற்கள் வரைக்கும் பாத்தாப் போதும், வித்தியாசம் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சே தீரும். மேல நகர்வை வெட்டின மெஷினையும் (வெயிட்டட் வழியில வெட்டினது) ஒரிஜினலையும் வச்சுப் பாருங்க, 10, 11, 01 எல்லாத்துக்கும் ஒரே விடை, 101லதான் முதல் தடவையா பிரியும். 2 எழுத்தோட நிறுத்தியிருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நம்பியிருப்போம்.

ஸ்டேட்டைக் குறைக்கிறதுலயும் வெயிட்டட்டுக்குத்தான் லாபம். குறைச்சப்புறம் உள்ள சில நெகட்டிவ் நம்பர் வரலாம், வெயிட்டட்டுக்கு அது பிரச்சனை இல்லை, ப்ராபபிலிஸ்டிக்ல நெகட்டிவ் வாய்ப்புன்னு ஒண்ணு கிடையாது, அதனால அந்தச் சின்ன மெஷின் அங்க செல்லாது.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஒரு பாதையில வர்ற நம்பர்களைப் பெருக்காம கூட்டி, எல்லாப் பாதையிலயும் சின்னதை மட்டும் எடுக்கிற கணக்குக்கு மாறினீங்கன்னா மேல சொன்ன நீள வரம்பு செல்லாது. அந்தக் கணக்குல ரெண்டு மெஷின் ஒண்ணுதானான்னு எல்லாத்துக்கும் சொல்ற அல்காரிதமே இருக்க முடியாதுன்னு க்ரோப் 1990கள்ல நிரூபிச்சுட்டார். அதனால ஒப்பிடற வேலையை முழுசா பின்னத்துலயே முடிச்சுட்டு, கடைசியா ஓட்டும்போது மட்டும் நான் அதுக்கு மாறுவேன்.

ப்ராபபிலிஸ்டிக் எங்க நல்லதுன்னா, வர்ற நம்பர் நிஜமான வாய்ப்பா இருந்தே ஆகணும்ங்கற இடத்துல, உதாரணத்துக்கு ஒரு நெட்வொர்க் ப்ரோட்டோகால் தோத்துப்போற வாய்ப்பைக் கணக்கு போடறப்ப. அந்த மாதிரி வேலை நான் அவ்வளவா பண்ணினதில்லை, ஆனா அங்கயும் ஒரு எல்லை உண்டு, வாய்ப்பு 1/2ஐத் தாண்டற சொல் ஏதாவது இருக்கான்னு எல்லா மெஷினுக்கும் பொதுவா கண்டுபிடிக்க முடியாது. வெயிட்டட்டும் அந்த இடத்துல கை விரிக்கும், ப்ராபபிலிஸ்டிக்கே அதுக்குள்ள ஒரு வகைதானே.