வாட்ஸ்அப் பிசினஸ் பேக்கப்: கூகுள் டிரைவா, கணினியில் நகலா?

என் அண்ணி வீட்டிலிருந்தே சேலை விற்கிறார். யாருக்கு என்ன நிறம், எவ்வளவு பாக்கி, எந்த முகவரி, எல்லாமே வாட்ஸ்அப் பிசினஸ் உரையாடல்களில்தான் இருக்கிறது. போன மழையில் அவருடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் இரண்டு வழிகளையும் உட்கார்ந்து ஒப்பிட்டோம்.

அண்ணியைக் காப்பாற்றியது கூகுள் டிரைவ்தான். முந்தின இரவு வரை எல்லாம் தானாக ஏறியிருந்தது. பழைய எண்ணும் பழைய ஜிமெயிலும் இருந்தால் போதும், புதுப் போனில் Restore கேட்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டு Skip தட்டிவிடக் கூடாது. டிரைவில் கடைசி நகல் ஒன்றுதான் நிற்கும், அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதிவிடும். இன்னொரு சிக்கல் இடம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு போடுகின்றன. நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுபோகும். Chat backup பக்கத்தில் கடைசித் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணினி நகல் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டு போன் ராத்திரி 2 மணிக்குத் தனக்குள்ளேயே ஒரு கோப்பை எழுதி, சில நாள் கோப்புகளைச் சேர்த்து வைக்கிறது. இந்த ஃபோல்டரை அப்படியே கேபிள் வழியாகக் கணினிக்கு எடுக்க வேண்டும்:

```
Android/media/com.whatsapp.w4b/WhatsApp Business
```

தவறி அழித்த உரையாடலுக்காக மூன்று நாள் பின்னே போக இது உதவும். ஆனால் கேபிளைச் செருக ஆள் வேண்டும். புதுப் போனில் எண்ணைப் பதிவதற்கு முன்பே ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிடவும் வேண்டும்.

என் முடிவு: தினசரிக்கு டிரைவ், ஞாயிறுதோறும் கணினி நகல். டிரைவை நம்புவதால் ஜிமெயில் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக, தொடர்பில்லாத நான்கு சொற்களாவது சேர்ந்ததாக இருக்கட்டும். பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். அதை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது, அதனால் அண்ணி அதை நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார். எண்ணை வேறு யாரும் தங்கள் போனில் பதிந்துவிடாமல் தடுக்க 6 இலக்க PIN இருக்கிறது. அதோடு மின்னஞ்சலும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் PIN மறந்தவர் 7 நாள் காத்திருக்க நேரும்.

இரண்டு வழியிலும் வராத ஒன்று உண்டு, பெயர்கள். அண்ணிக்கு உரையாடல் முழுசாகத் திரும்பியது, ஆனால் வரிசையாக வெறும் எண்கள். தொடர்புகளை ஜிமெயிலில் சேமிக்காமல் பழைய போனிலேயே சேமித்திருந்தார். ஒவ்வோர் உரையாடலாகத் திறந்து, முகவரியைப் படித்து, யாரென்று கண்டுபிடித்துப் பெயர் போட்டார். இப்போது புது எண் எதுவானாலும் கூகுள் கணக்கில்தான் சேமிக்கிறார், மாதம் ஒருமுறை தொடர்புகள் எல்லாம் ஒரே .vcf கோப்பாகக் கணினிக்கும் போகின்றன.