ஒரு சாப்பாட்டுக்கு ஒரே ரேட்டா, நிலையான கட்டணம் தனியா? கேன்டீன் ஒப்பந்தங்கள் நடத்திய அனுபவம்

ஊழியர் கேன்டீனுக்குச் சாப்பாடு தரும் ஒப்பந்தங்களை இரண்டு விதத்திலும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒன்று, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்ற ஒரே ரேட். மற்றொன்று, மாதத்துக்கு ஒரு நிலையான கட்டணம், அதற்கு மேல் சாப்பாட்டுக்கு ஒரு சிறிய ரேட். இப்போது ஒரே ரேட்டில் டெண்டர் வந்தால், மாற்றித் தர முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

காரணம் ஆட்கூலி. 400 பேருக்குச் சமைக்கும் ஆட்களை, 300 பேர்தான் வருகிறார்கள் என்பதற்காகப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 400 சாப்பாடு, மாதம் 25 வேலை நாள், ஆக 10,000 சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்குப் பொருள் செலவு 45, எரிபொருள், சோப்பு, பேக்கிங் எல்லாம் சேர்த்து 8. இந்த 53 எண்ணிக்கையோடு ஏறும், இறங்கும். சம்பளம் மாதம் 2,50,000, பாத்திரத் தேய்மானம், மேற்பார்வை, காப்பீடு எல்லாம் சேர்த்து 70,000. இந்த 3,20,000 அசையாது.

ஒரே ரேட்டாக 95 போட்டால் மாத வருமானம் 9,50,000, செலவு 8,50,000. லாபம் 1,00,000, நன்றாகவே தெரிகிறது. ஆனால் சராசரி 300 ஆக இறங்கினால் 7,500 சாப்பாடுதான். வருமானம் 7,12,500, செலவு 7,17,500. கால்வாசிப் பேர் குறைந்ததில் மொத்த லாபமும் போய் 5,000 நஷ்டம். நாளுக்கு ஏறக்குறைய 305 சாப்பாட்டுக்குக் கீழே போனால் கைக்காசுதான்.

அதே வேலைக்கு மாதம் 4,00,000 நிலையான கட்டணம், சாப்பாட்டுக்கு 55 என்று வைத்துப் பாருங்கள். 10,000 சாப்பாட்டில் நிறுவனம் தருவது அதே 9,50,000. 7,500 ஆனாலும் எனக்கு 95,000 நிற்கும். நிறுவனத்துக்கும் லாபம் உண்டு: எண்ணிக்கை கூடும்போது கூடுதல் சாப்பாடு 55க்கே கிடைக்கிறது.

இடையில் படி ரேட் என்று ஒன்று பேசுவார்கள்: நாளுக்கு 350ம் அதற்கு மேலும் போனால் 95, அதற்குக் கீழே 100. எல்லையில் அது கோணலாகிவிடும். 349 சாப்பாட்டுக்கு பில் 34,900, 350க்கு 33,250! ஒரு சாப்பாடு கூடினால் பில் குறைகிறது. அப்புறம் எண்ணிக்கைச் சீட்டில் தகராறு வராமல் இருக்குமா?

நிலையான கட்டண முறையிலும் ஒரு சிரமம் உண்டு. கொள்முதல் பிரிவு எல்லா டெண்டரையும் ஒரே எண்ணை வைத்துத்தான் ஒப்பிடும். அதனால் 300, 350, 400 பேருக்குத் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு பக்க அட்டவணை சேர்த்துக் கொடுப்பேன். அதற்கும் மசியாவிட்டால், 320 சாப்பாட்டுக்குக் குறையாமல் பில் போடுவோம் என்ற குறைந்தபட்ச உத்தரவாதத்தையாவது எழுதி வாங்க வேண்டும்.

பொருள் செலவில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சந்தை விலையை அப்படியே போடாதீர்கள். 10 கிலோ காய் வாங்கினால் தோல், காம்பு, அழுகல் போக 8 கிலோதான் சட்டிக்குப் போகும் என்றால், உண்மையான விலை 25 சதவீதம் அதிகம். ஒப்பந்தத்தின் விலையேற்றப் பிரிவிலும் பொருள் செலவின் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள். பொருள் 10 சதவீதம் ஏறினால் 55 என்பது 59.50 ஆகிறது, அவ்வளவுதான். மொத்தத்தையும் 10 சதவீதம் கூட்டு என்று கேட்டால்தான் எதிர்த் தரப்பு முகம் சுளிக்கும். சம்பளத்துக்கும் இதே போலத் தனிப் பிரிவு வேண்டும். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து ஏறாது.

அடுத்து அபராதம். இங்கே ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'தாமதமானால் பில்லில் 5 சதவீதம்' என்று இருக்கும். எந்த பில்? அன்றைய 400 சாப்பாட்டின் மதிப்பு, தலைக்கு 95 வீதம் 38,000 என்றால் அபராதம் 1,900. மாத பில் என்றால் 47,500. ஒரே ஒரு நாள் தாமதத்தில் மாத லாபத்தில் கிட்டத்தட்டப் பாதி. அதனால் 'அன்றைய அந்த வேளையின் மதிப்பில்' என்று எழுதச் சொல்வேன். மாதத்துக்கு மொத்த உச்சவரம்பும் கேட்பேன்.

தாமதம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். வண்டி வாசலுக்கு நேரத்துக்கு வந்து, பாதுகாப்புச் சோதனையிலும் லிஃப்டிலும் 20 நிமிடம் நின்றால் அது யார் கணக்கு? நாங்கள் வாசலிலேயே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வந்த நேரம், சாப்பாட்டின் சூடு (60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது), இரு தரப்புக் கையெழுத்து. அது வந்த பிறகு அபராதத் தகராறு வெகுவாகக் குறைந்துவிட்டது.

உணவுப் பாதுகாப்பு மீறலுக்கு மட்டும் உச்சவரம்பு கேட்பதில்லை. கெட்டுப்போன உணவு போனால் முழுப் பொறுப்பும் எங்களுடையது. அதற்கான காப்பீட்டுத் தவணையை மேலே சொன்ன 70,000க்குள் சேர்த்துத்தான் கணக்கு போடுகிறேன்.