படத்தில் கதவு எங்கே? கேட்டலாக் பார்த்து வாங்கிய படுக்கையறையில் மூன்றரை ஆண்டுகள்

பள்ளிக்கரணையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது படுக்கையறை பத்தடிக்கு ஒன்பதரை அடி. அதற்கு என்ன வாங்குவது என்று ஒரு மாதம் குழம்பியிருந்தபோது, ஒரு மரச்சாமான் கடையின் கேட்டலாக்கில் அந்தப் படத்தைப் பார்த்தேன். "10 × 10 அறைக்கு ஏற்றது" என்று மேலே எழுதியிருந்தது. சுவரின் நடுவில் தலைமாடு வைத்த கட்டில், இரு பக்கமும் குட்டி மேசைகள், கால்மாட்டுக்கு எதிரே சுவர் நீளத்துக்கு அலமாரி. இவ்வளவும் போக, நடுவில் ஒரு கம்பளம் விரிக்க இடம் இருந்தது. அன்றைக்கே முன்பணம் கட்டினேன்.

கட்டில் முதலில் வந்தது. பொருத்த வந்த தச்சர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கேட்டலாக்கை வாங்கிக் கையில் திருப்பினார். "இந்தப் படத்தில் கதவு எங்கே சார் இருக்கிறது?" என்றார்.

கதவு இல்லை. நான்காவது சுவரே இல்லை. கேமரா நிற்கும் இடத்தில்தான் அந்தச் சுவர் இருந்திருக்க வேண்டும். நிஜ அறைக்குள் அவ்வளவு பின்னால் போய் நின்று யாரும் பார்க்க முடியாது. இத்தகைய படங்களில் பல எந்த அறையிலும் எடுக்கப்பட்டவையே அல்ல. 2006-லேயே ஐகியா தன் கேட்டலாக்கில் கணினியில் உருவாக்கிய நாற்காலிப் படம் ஒன்றை அச்சிட்டுவிட்டது. கணினியில் உருவாக்கிய அறையில் சுவரை எடுத்துவிட்டுப் பார்ப்பது ஒரு நொடி வேலை. (நான் வாங்கியது ஐகியாவில் அல்ல, உள்ளூர்க் கடையில்.)

தச்சர் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். அறையின் நீளம் 120 அங்குலம். எங்கள் மெத்தை 60-க்கு 78. தலைமாட்டுப் பலகையும் சட்டமும் சேர்ந்தால் கட்டிலின் மொத்த நீளம் 83. அலமாரியின் ஆழம் 24. கழித்தால் எஞ்சுவது 13 அங்குலம். அலமாரியின் ஒவ்வொரு கதவும் 18 அங்குல அகலம். அதாவது, எந்தக் கதவும் முழுதாகத் திறக்காது. கால்மாட்டில் பக்கவாட்டில் ஒடுங்கித்தான் நடக்க வேண்டும்.

பிறகு படத்தில் மட்டும் எப்படி இடம் இருந்தது? அன்றிரவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திறந்திருந்த அலமாரியில் மூன்று சட்டைகள் தொங்கின. மூன்றும் நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தன. நம் வீட்டு அலமாரியில் சட்டையின் தோள்தான் தெரியும், நெஞ்சு தெரியாது. சட்டை முன்பக்கம் காட்டித் தொங்குகிறது என்றால், ஹேங்கரைக் குறுக்கே மாட்ட ஆழம் போதவில்லை என்று பொருள். ஹேங்கர் குறுக்கே நிற்க உள்ளே 22 அங்குலமாவது வேண்டும். படத்திலிருந்த அலமாரி 16 அங்குலத்தைத் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு. கட்டிலிலும் அதே கதை. இரண்டு தலையணைகளும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறிச் சாய்ந்திருந்தன. நம் ஊர்த் தலையணை ஏறக்குறைய 27 அங்குல நீளம். ஐந்தடிக் கட்டிலில் இரண்டு வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். ஏறிக்கொண்டு நிற்கின்றன என்றால் அது நாலடிக் கட்டில். அதற்குத் தலைமாட்டுப் பலகையும் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. கடையில் நமக்குக் கிடைக்கும் அளவு வேறு, படத்தில் வைத்த அளவு வேறு, அவ்வளவுதான்.

தச்சர் சொன்னபடி கட்டிலைத் திருப்பி, நீளவாட்டில் ஒரு சுவரோடு ஒட்டி, தலைமாட்டை ஜன்னல் பக்கம் வைத்தோம். இப்போது கணக்கு அகலத்தில் வருகிறது: 114-இல் கட்டிலுக்கு 63, அலமாரிக்கு 24, நடுவில் 27 அங்குலச் சந்து. 18 அங்குலக் கதவு திறக்கும். ஆனால் திறக்கிறவர் நிற்க மீதி ஒன்பது அங்குலம்தான். முதல் ஒரு மாதம் முழங்காலில் கதவு இடித்துக்கொண்டே இருந்தது. இப்போது உடம்புக்கே பழகிவிட்டது. கைப்பிடியைத் தொடும்போதே கால் ஓர் அடி விலகி நிற்கிறது. விருந்தினர் வந்தால்தான் இடிபடுகிறார்கள். நகரும் கதவு வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு அலமாரியின் ஆழம் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கூடும், ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். இருந்தாலும் இந்த அறைக்கு அதுவே மேல் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி இருக்கிறது. கால்மாட்டில் பிடித்துத் தூக்கினால் இரண்டு கேஸ் தண்டுகள் பலகையைத் தாங்கும். கால்மாட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 37 அங்குலம் இருக்கிறது. ஆனால் அறைக்கதவு உள்பக்கம் திறந்து அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். எனவே கதவைச் சாத்திவிட்டுத்தான் கட்டிலைத் திறக்க முடியும். எங்கள் தென்னைநார் மெத்தை கனமானது. கடையில் வெறும் பஞ்சு மெத்தையோடு தூக்கிக் காட்டியபோது ஒற்றைக் கையால் எழும்பியது. வீட்டில் இரண்டு கை, ஒரு முழங்கால் தேவைப்பட்டது. மூன்றாம் ஆண்டில் பலகை ஒரு பக்கம் கோணலாக எழ ஆரம்பித்தது. இடது தண்டின் பளபளப்பான கம்பியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய் ஒட்டியது. உள்ளே அடைப்பு தளர்ந்து கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் வெவ்வேறு விசையில் தள்ளும், பலகை முறுக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். இம்முறை மெத்தையின் எடையைச் சொல்லி, அதற்கேற்ற கூடுதல் விசையுள்ள தண்டாகக் கேட்டு வாங்கினேன்.

உண்மையில் என்னை அழ வைத்தது அலமாரி. படத்தில் அது காலே இல்லாமல் தரையோடு உட்கார்ந்திருந்தது, பார்க்க அழகு. எங்களுடையதும் அப்படித்தான் வந்தது. பொருள், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தினமும் தரை துடைக்கும் வீட்டில் அதன் அடி விளிம்பு ஈரத்தை உறிஞ்சியது. ஓராண்டுக்குள் மேலே ஒட்டிய தாள் அடியில் விரிந்து, விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்ந்தது. போதாததற்கு அது நிற்பது வெளிச்சுவர். ஐப்பசி மழையில் பின்பலகை முழுவதும் பூஞ்சை. பட்டுப்புடவைகளை என் மனைவி வெயிலில் உலர்த்தி எடுத்ததோடு கேட்டலாக்கைப் பற்றித் தன் கருத்தையும் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை. தச்சரை மறுபடி கூப்பிட்டு, கீழே மூன்று அங்குலப் பிளாஸ்டிக் கால்கள் வைத்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். பூஞ்சை நின்றது. சந்து 25 அங்குலமாகச் சுருங்கியது.

இதே அறைக்கு வாங்கிய மடக்கு மேசையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத வாங்கினோம், துணிக்கு இஸ்திரி போடுகிறோம்.

மூலைக் கட்டிலின் நிஜமான தொல்லை இடம் அல்ல, விரிப்பு. சுவர்ப் பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்ட வேண்டும். அதற்கு, சீக்கிரம் எழுபவர் வெளிப்பக்கம் என்று முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிட்டோம். விரிப்பு மாற்றுவதற்கு மட்டும் இதுவரை வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மெத்தையின் மேல் மண்டியிட்டு, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டு விரிப்பின் ஓரத்தைச் செருகுகிறேன். மனைவி கால்மாட்டில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறாள். செருகி முடித்து நான் இறங்கும்போது, என் முழங்கால் இழுத்த இழுப்பில் இந்தப் பக்கம் வெளியே வந்திருக்கும்.