அம்மாவின் மாதச் சாமான்: செயலியில் எதை வாங்குவது, அண்ணாச்சி கடையில் எதை வாங்குவது

டொரண்டோவிலிருந்து இந்த முறை நங்கநல்லூர் போனபோது முக்கியமாக ஒரு வேலை இருந்தது. அம்மாவுக்கு 75 தாண்டிவிட்டது, முழங்கால் வலி. மாதச் சாமான் முழுவதும் மாடிப்படி ஏறி வீட்டு வாசலுக்கே வர ஒரு நிரந்தர ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். பெற்றோரைத் தனியாக விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் இதே கவலை இருப்பதால், பார்த்ததையும் கேட்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை. சில நிமிடங்களில் சாமானைக் கொண்டுவரும் செயலிகளான பிளிங்கிட், செப்டோ, ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் மூன்றும் அம்மாவின் தெருவுக்கு வருகின்றன. இந்திய கைபேசி எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் உள்ளே போக முடியும் என்பதுதான் நம் போன்றவர்களுக்குப் பழைய தொல்லை. ஸ்விக்கி 2024 அக்டோபரில் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் உட்பட 27 நாடுகளிலிருந்து அந்த நாட்டு எண்ணிலேயே நுழைந்து ஆர்டர் செய்ய வழி செய்தது. பணத்துக்கு வெளிநாட்டு கிரெடிட் கார்டும் ஆகும், யுபிஐயும் ஆகும். கனடா எண்ணை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லா வங்கியும் தருவதில்லை. ஊரில் இருக்கும்போதே வங்கிக் கிளைக்குப் போய் இதை முடித்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு ஓஆர்எஸ் பொட்டலம் தேவைப்பட்டது. ஆர்டர் போட்டுவிட்டுக் கீழே இறங்கி கேட்டைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. வண்டி பறந்து வருவதால் இது நடக்கவில்லை, சரக்கு பக்கத்திலேயே இருப்பதால் நடக்கிறது. மெயின் ரோடு தாண்டி ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தை எடுத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, வாடிக்கையாளர் யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருக்கும் பிள்ளைகளின் கைபேசியில் எந்த ரேக், எந்த அறை என்று எண் வருகிறது. அதன்படி ஓடி எடுத்து, காகிதப் பையில் போட்டு, வாசலில் காத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்கு இப்படி ஒரு கிடங்கு.

அப்படியானால் மாதச் சாமான் முழுவதையும் செயலிக்கே மாற்றிவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அம்மாவின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் விலை பார்த்தேன். முப்பது வருடமாக எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னார்.

துணி துவைக்கும் பவுடரில் தொடங்கினோம். பெரிய பாக்கெட், அச்சிட்ட விலை 400 ரூபாய். அண்ணாச்சி ஏஜென்சி பில்லை எடுத்துக் காட்டினார். அவருக்கு அடக்கம் 362. செயலியில் அன்றைக்கு அதே பாக்கெட் 335.

"தம்பி, ஏஜென்சிகிட்ட எடுக்குறதுக்குப் பதிலா நானே ஆப்ல ஆர்டர் போட்டு வாங்கி விக்கலாம் போல இருக்கு" என்றார்.

இது அவருடைய கடைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று 2024இல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. விலை எப்படி இவ்வளவு இறங்குகிறது? கம்பெனி, ஏஜென்சி, கடை என்று போகும்போது ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு நிற்கும். செயலிக்குப் பெரும்பாலும் சரக்கு மொத்தமாகப் போவதால் நடுவில் ஒரு கை குறைகிறது. அதற்கு மேல், தேடும்போது தங்கள் பொருள் முதலில் தெரிய வேண்டும் என்று கம்பெனிகள் செயலிக்கு விளம்பரப் பணம் கட்டுகின்றன. தள்ளுபடிச் செலவிலும் ஒரு பங்கை ஏற்கின்றன. முதலீட்டாளர் பணமும் உண்டு. இதில் எதுவும் அண்ணாச்சிக்குக் கிடைக்காது. கனடாவில் பாக்கெட்டில் விலையே அச்சிட்டிருக்காது. இங்கே எம்ஆர்பி என்று ஒன்று கண்ணெதிரே இருப்பதால், அதே விலைக்கு நியாயமாக விற்பவர்கூட ஏமாற்றுகிறவர் போலத் தெரிகிறார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

அப்புறம் பட்டியலின் மறுபக்கம். சீரகம் 50 கிராம், ஒரு கட்டு கொத்தமல்லி, ஐந்து ரூபாய் ஷாம்பு சரத்தில் இரண்டு. செயலியில் இப்படி ஆர்டர் போட்டால் சிறிய ஆர்டருக்கு ஒரு கட்டணம், கையாளும் கட்டணம், மழை பெய்தால் அதற்கும் ஒரு கட்டணம். சாமான் விலையைவிடக் கட்டணம் அதிகமாகிவிடுகிறது. அதில் தவறும் சொல்ல முடியாது. எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், கொண்டுவர ஓர் ஆள் என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் செலவு இருக்கிறது, பில் சில நூறு ரூபாய் வந்தால்தான் கட்டும். அதனால்தான் செயலியில் பெரிய பாக்கெட்டும் மூன்று சேர்ந்த காம்போவும் கண்ணில் படுகின்றன, ஐந்து ரூபாய்ப் பாக்கெட் தனியாகக் கிடைப்பதில்லை. அது அண்ணாச்சி கடையில்தான் இன்னும் சரம் சரமாகத் தொங்குகிறது.

ஆக, பெரிய பில்லான மாதச் சாமான் செயலிக்குப் போகிறது. சில்லறை வியாபாரம், கடன், கறிவேப்பிலைக் கொசுறு, அவசரத்துக்கு வாங்கும் ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் அண்ணாச்சியிடம் நிற்கிறது. இந்தச் சில்லறைச் சேவையை அவர் இத்தனை வருடம் தாங்கியதே மாதச் சாமான் லாபத்தில்தான். எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சிலர் இன்றும் நோட்டில் எழுதிவிட்டுச் சம்பளம் வந்ததும் கொடுக்கிறார்கள். ஏஜென்சியோ அவருக்கு ஒரு வாரம்தான் தவணை கொடுக்கிறது. நடுவில் உள்ள மூன்று வாரத்தைச் சமாளித்தது மாதச் சாமான் வாங்கும் வீடுகளின் ரொக்கம்.

இன்னொரு விஷயத்தை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடையின் ஆர்டர் ஒரு அளவுக்குக் கீழே போனால், ஏஜென்சியிலிருந்து ஆர்டர் எடுக்க வரும் லைன் சேல்ஸ்மேன் வாரா வாரம் வருவதில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். அப்போது சரக்கு இடையில் தீர்ந்துபோகிறது. கேட்டு வந்தவர் இல்லை என்றதும் அங்கேயே நின்று செயலியில் ஆர்டர் போடுகிறார். அடுத்த வாரம் ஆர்டர் இன்னும் குறைகிறது. ஒரு கடை இப்படித்தான் மெலிகிறது. உங்கள் தெருக்கடையில் இது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் சோப்பு அலமாரியைப் பாருங்கள். முன்வரிசை மட்டும் நிரம்பி, பின்னால் காலியாக இருக்கும்.

முகத்துக்கும் முடிக்கும் போடுகிற பொருட்களின் கதை வேறு. முன்பெல்லாம் புது ஷாம்பு வந்தால் கடைக்காரர்தான் "இது நல்லா போகுதுக்கா, ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்பார். கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு நாடெங்கும் போனதே இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் தொங்கிய சாஷே வழியாகத்தான். இப்போது எதிர்வீட்டுப் பெண் இன்ஸ்டாகிராமில் பார்த்து, கம்பெனியின் தளத்திலிருந்தே நேராக வரவழைக்கிறாள். மாமாஎர்த் போன்றவை 2016 வாக்கில் அப்படி நேரடியாக விற்றுத்தான் வளர்ந்தன. இதில் நல்லதும் இருக்கிறது. கோயம்புத்தூரில் சத்துமாவோ சிறுதானிய நூடுல்ஸோ செய்யும் ஒருவர், ஏஜென்சி பிடித்து ஆயிரம் கடை ஏறி இறங்க வேண்டியதில்லை. சென்னையில் நாலைந்து கிடங்குகளில் சரக்கை வைத்தால் எந்தப் பகுதியில் எது போகிறது என்று சில நாளிலேயே தெரிந்துவிடும். அப்படி வந்த சில பொருட்களை அம்மாவுக்காக நானே வாங்கினேன், தரமாகவே இருந்தன.

ஆனால் வளர்ந்த பிறகு இவர்களும் கடையைத் தேடித்தான் வருகிறார்கள், ஏனென்றால் இந்தியாவில் பெரும்பகுதி வியாபாரம் இன்னும் கடையில்தான் நடக்கிறது. அண்ணாச்சி அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை. "எக்ஸ்பைரி ஆனா திருப்பி எடுத்துக்குவீங்களா?" பழைய கம்பெனிகளின் ஏஜென்சி எடுத்துக்கொள்ளும். புதியவர்களில் ஒருவர் சரக்கை இறக்கிவிட்டுப் போன பிறகு போனையே எடுக்கவில்லையாம். அதே பொருள் செயலியில் பாதி விலைக்கு வந்ததால் கடையில் விற்கவும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டி நிறைய தேதி முடிந்த ஃபேஸ் வாஷ் மேல்தட்டில் இருக்கிறது. 2024இல் மாமாஎர்த் நிறுவனத்தின் சரக்கு சுமார் 300 கோடி ரூபாய்க்கு விற்காமல் தேங்கிக் கிடப்பதாக அதே விநியோகஸ்தர் கூட்டமைப்பு சொன்னது, நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்தது. கணக்கு எதுவானாலும், அண்ணாச்சி இப்போது புது பிராண்டு எதையும் ரொக்கத்துக்கு எடுப்பதில்லை. விற்ற பிறகு காசு என்றால்தான் அலமாரியில் இடம்.

தேதியைச் செயலியில் வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு சத்துமாவில் பன்னிரண்டு நாள்தான் மீதி இருந்தது. பையைப் பிரித்துப் பார்க்காமல் அம்மா அலமாரியில் வைத்துவிட்டதால் திருப்பித் தரும் நேரமும் கடந்துவிட்டது. டெலிவரியின்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பரில் ஆன்லைன் நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. நீங்கள் அங்கிருந்து ஆர்டர் போட்டால், சாமான் வந்ததும் அம்மாவையோ அப்பாவையோ வீடியோ அழைப்பில் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க முடிவதில்லை.

அண்ணாச்சி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாக்கெட் சாமானைக் குறைத்துவிட்டு உதிரி சாமானுக்கு மாறிக்கொண்டிருக்கிறார். துவரம்பருப்பு, உளுந்து, வற்றல் மிளகாய் விருதுநகரிலிருந்து மூட்டையாக வருகின்றன. இட்லி அரிசியில் மூன்று ரகம். உதிரிக்கு எம்ஆர்பி இல்லை, செயலியில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது, லாபமும் பாக்கெட்டைவிட அதிகம். அவருக்குத் தெரிந்த தொழில் இதுதான். உளுந்தைக் கையில் அள்ளி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இது புது உளுந்துக்கா, மாவு நல்லா காணும், தண்ணிய பார்த்து ஊத்துங்க" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் மாவு பொங்கி, பாத்திரத்து மூடியைத் தூக்கிவிட்டது. இதைச் சொல்ல அந்தக் கிடங்கில் ஆள் இல்லை.

கடைசியில் நாங்கள் செய்த ஏற்பாடு இது. அரிசி, பருப்பு, மசாலாச் சாமான், எண்ணெய் அனைத்தும் அண்ணாச்சியிடம். மாதம் ஒன்றாம் தேதி அம்மா பட்டியலை எழுதிப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், கடைப் பையன் மாடியில் கொண்டுவந்து வைப்பான், பில்லை எனக்கு அனுப்பினால் நான் யுபிஐயில் உடனே போட்டுவிடுவேன். தவணையே இல்லாத ரொக்கம் என்பதால் சோப்பும் பவுடரும் சேர்த்து அவரிடமே எடுப்பதாகச் சொன்னோம், அவரும் எம்ஆர்பியில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொண்டார். செயலியைவிட மாதம் 200, 250 ரூபாய் கூடுதலாகும். அம்மாவுக்கு இரவில் திடீரென்று ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் டொரண்டோவிலிருந்து நான் செயலியில் போடுகிறேன். இரண்டு மாதம் ஆகிறது. முதல் மாதம் பெருங்காயம் விட்டுப்போனது, பையன் மறுபடி ஏறி வந்து கொடுத்தானாம்.