ஆர்டர் பிடித்துத் தருகிறோம் என்று வரும் செயலிக்காரர்களிடம் எச்சரிக்கை: 1,86,000 ரூபாய் போய்விட்டது

வயிறு எரிந்து எழுதுகிறேன். 465 கிலோ பால்கோவா அனுப்பினோம். வரவேண்டிய 1,86,000 ரூபாயில் ஒரு பைசாகூடக் கைக்கு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கடைக்கு நான்கு அடுப்புகள். ஒரு சட்டியில் 10 லிட்டர் பசும்பாலும் ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் போட்டுக் கைவிடாமல் கிண்டினால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். பாலைக் கூட்டி ஊற்றினால் சுண்ட நேரமாகும், அடி பிடிக்கும். விடியற்காலையில் தொடங்கினாலும் ஒரு நாளைக்கு 50 கிலோவைத் தாண்ட முடியாது. கோயிலுக்கு வந்த பையன் ஒருவன் அப்பா கிண்டுவதைப் படம்பிடித்துப் போட, அது வைரலாகி, கடை போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து வந்தார் ஒரு ஆர்டர் செயலியின் ஆள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்கள் கிண்டுவதை மட்டும் பாருங்கள். ஆர்டர், கூரியர், பணம் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்றார். 50 கிலோதான் முடியும் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். "வரம்பு போட்டுவிடுகிறோம்" என்று எங்கள் கண் முன்னாலேயே கைப்பேசியில் எதையோ தட்டிக் காட்டினார். வாடிக்கையாளர் பணம் செயலிக்குப் போய், வாரம் ஒருமுறை எங்களுக்கு வரும் என்று பேச்சு.

வரம்பு எதுவும் போடவில்லை. இரண்டே நாளில் 600 கிலோவுக்கு மேல் ஆர்டர் எடுத்துவிட்டார்கள். இரவும் அடுப்பு எரிந்தது, அப்பாவின் உள்ளங்கை கொப்பளித்தது. "வெளியில் வாங்கி உங்கள் டப்பாவில் போடுங்கள்" என்றார் அதே ஆள். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். சூடாக அடைத்தால் ஆவி மூடியில் வியர்த்து, சொட்டி, பூஞ்சை பிடிக்கும். ஆற வைத்துத்தான் அடைத்தோம். அந்தப் பெட்டிகளை அவர்களின் கூரியர் தகரக் கொட்டகையில் நாள்கணக்கில் போட்டு வைத்தது. பிரித்தவர்களுக்குப் புளித்த வாடை. திட்டு எங்களுக்கு.

பணம் கேட்டால் முதலில் "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். பிறகு "தாமத அபராதம், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்தது எல்லாம் கழித்தால் பாக்கி பூஜ்யம்" என்று ஒரு வரி. கணக்கு கேட்டால் புகார் எண் தந்து, மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று மூடுகிறார்கள். கையைப் பிடித்த ஆள் போனை எடுப்பதில்லை. காவல் நிலையத்தில் "இது வியாபாரத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். பால்காரருக்கு நாங்கள் கொடுத்தாக வேண்டும். 1,86,000 ரூபாய்க்கு எங்கே போவது?

கடைக்காரர்களே, பணம் உங்கள் கணக்கில் விழாமல் சரக்கை அனுப்பாதீர்கள். ஆர்டரை நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அபராதம், கழிவு பற்றி எழுத்தில் வாங்குங்கள். கூரியர் எடுக்கும்போது தேதியோடு படம் எடுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான், பால்காரர் வாசலில் நிற்கிறார்.