வங்கிக்கு வந்ததை எழுதுவதா, விற்றதை எழுதுவதா?

புறக்கோட்டையில் சேலைக் கடை, ஆன்லைனிலும் விற்பனை. ஒரு வாரத்தில் ஆன்லைனில் 1,00,000 ரூபாய்க்கு விற்றது; வாங்குபவரின் பணத்தைப் பெற்று வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே அனுப்பியது 86,000.

சிலர் அந்த 86,000-ஐ அப்படியே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். வேலை சட்டென்று முடியும். ஆனால் குறைந்த 14,000-க்குள் செலவு எது, திரும்பி வரவேண்டிய பணம் எது என்பது மறைந்துபோகும். வற் கணக்கிலும் விற்பனை குறைவாகவே தெரியும்.

மற்ற வழியில் ‘கேட்வே வரவேண்டியது’ என்று தனிக் கணக்கு வைத்து, முழு 1,00,000-ஐயும் அதில் பற்று வைக்க வேண்டும். அப்புறம் கேட்வே தரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து கேட்வே கட்டணம் 3,000, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தது 6,000, வங்கிக்கு வந்த 86,000 என ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். மிச்சம் 5,000. பிறகு தருவதாகக் கேட்வே நிறுத்திவைத்த தொகையும் ரிப்போர்ட்டில் 5,000 என்றால் சரி. 5,180 என்று இருந்தால், பெரும்பாலும் அந்த 6,000 ரூபாய்ச் சேலைக்குப் பிடித்த 3% கட்டணம், அதாவது 180 ரூபாய், உங்களுக்குத் திரும்பி வந்திருக்கும்; அதை நீங்கள் பதியவில்லை. எல்லா ஒப்பந்தத்திலும் அது திரும்பாது, வாசித்துப் பாருங்கள்.

மாதம் நாலைந்து ஆர்டர்தான் என்றாலும் நான் இரண்டாவதையே எடுப்பேன். நிறுத்திவைத்த பணம் சில மாதங்களுக்குப் பிறகு, வேறொரு வாரப் பணத்தோடு கலந்து வரும்போது முதல் வழியில் அது புது விற்பனையாகவே பதிவாகிவிடும்.